அயர்ன் காண்டர்: நிஃப்டி ஷார்ட் ஸ்ட்ரைக்கை நெருங்கும்போது அலாரம் எங்கே அடிக்க வேண்டும்?

திருப்பூர்: அக்கா, நிஃப்டி வீக்லியில் காண்டர் போடுகிறேன். ஷார்ட் ஸ்ட்ரைக்குக்கு எத்தனை பாயிண்ட் முன்னால் அலர்ட் வைக்கலாம்? நான் 150 வைத்திருக்கிறேன்.

தம்பி, எல்லா நாளுக்கும் ஒரே 150 என்பதுதான் சிக்கல். ஒரு பொசிஷனை எடுத்துக்கொள்வோம். வியாழக்கிழமை, நிஃப்டி 25,000. செவ்வாய் எக்ஸ்பைரிக்கு 25,400 காலும் 24,600 புட்டும் விற்று, காவலுக்கு 25,600 காலும் 24,400 புட்டும் வாங்கியிருக்கிறோம். நான்கும் சேர்ந்து கைக்கு வந்தது 34 பாயிண்ட். அதிகபட்ச நஷ்டம் 166 பாயிண்ட்.

ஆப்ஷன் விலைகள் காட்டும் வருட ஏற்ற இறக்கமான ஐ.வி. 12 சதவீதம் என்றால், மீதமுள்ள 5 நாளில் சந்தை எவ்வளவு நகரும் என்று ஆப்ஷன் விலைகள் எதிர்பார்க்கின்றன? 25,000 பெருக்கல் 0.12 பெருக்கல் (5/365)இன் வர்க்கமூலம். கிட்டத்தட்ட 351 பாயிண்ட். திங்கட்கிழமை அதே நேரத்தில், ஒரே நாள் மிச்சமிருக்கும்போது, அது 157 ஆகச் சுருங்கிவிடும்.

இப்போது நிஃப்டி 25,250க்கு வருகிறது. கால் ஸ்ட்ரைக்குக்கு 150 பாயிண்ட் தூரம், உங்கள் அலர்ட் அடிக்கிறது. இது வியாழன் மாலையிலேயே நடந்தால் மிச்ச நகர்வில் பாதிகூட இடைவெளி இல்லை. அலர்ட் தாமதமாகத்தான் அடித்திருக்கிறது. திங்களன்று நடந்தால், ஒரு நாள் நகர்வு அளவுக்கே இடம் இருக்கிறது, பதற வேண்டாம். பாயிண்ட் ஒன்றுதான், நிலைமை வேறு. அதனால் தூரத்தை மிச்ச நகர்வால் வகுத்துப் பாருங்கள். நான் 0.75இல் மஞ்சள், 0.5இல் சிவப்பு வைத்திருக்கிறேன். பொசிஷன் எடுக்கும்போது இது 1.14ஆக இருந்தது.

மதுரை: இதைத்தான் டெல்டா என்கிறோம். ஷார்ட் ஸ்ட்ரைக்கின் டெல்டா 0.30 ஆனதும் அலர்ட் வை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாமே. இவ்வளவு கணக்கு எதற்கு?

பாதி சரி. என் சிவப்புக் கோடு டெல்டா 0.31க்கு அருகில்தான் விழும். ஆனால் உங்கள் திரையில் தெரியும் டெல்டா எந்த விலையிலிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? பல இடங்களில் அந்த ஸ்ட்ரைக்கின் கடைசி வியாபார விலையிலிருந்து ஐ.வி. எடுத்துக் கணக்கிடுகிறார்கள். நிஃப்டியில் பக்கத்து ஸ்ட்ரைக்குகளில் பரவாயில்லை. வியாபாரம் குறைந்த ஸ்ட்ரைக்கில் பத்து நிமிடப் பழைய விலையிலிருந்து வந்த டெல்டாவை நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். நிஃப்டிக்கு மிக அருகிலுள்ள ஏ.டி.எம். ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யை எடுத்து நாமே கணக்கிட்டால் அந்தத் தவறு வராது.

சென்னை: நேற்று சந்தை அசையவே இல்லை. ஆனாலும் மஞ்சள் அலாரம் அடித்தது. புரோகிராமில் தவறா மேடம்?

தவறில்லை, அது வேலை செய்திருக்கிறது. ஐ.வி. 12லிருந்து 19க்கு ஏறினால், நிஃப்டி 25,000லேயே நின்றாலும் 5 நாள் நகர்வு 556 ஆகிவிடும். 400 பாயிண்ட் தூரம் 0.72 ஆகிறது. விலை ஸ்ட்ரைக்கை நெருங்கவில்லை. ஸ்ட்ரைக்தான் சந்தையின் கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் பொசிஷனின் நஷ்டமும் அந்நேரம் அதையேதான் காட்டியிருக்கும்.

சேலம்: அக்கா எத்தனை பாயிண்ட் வைக்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: புரோகிராம் கிடைக்குமா?

முக்கியப் பகுதி இவ்வளவுதான். ஐ.வி.யை 0.12 என்று கொடுக்க வேண்டும், 12 என்றல்ல.

```python
em  = spot * iv * (days / 365) ** 0.5
gap = min(call_k - spot, spot - put_k)
red, yel = max(0.5 * em, 100), max(0.75 * em, 150)
if gap <= red:
    level = "RED"
elif gap <= yel:
    level = "YELLOW"
elif gap > 1.2 * yel:
    level = "OK"
```

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். மஞ்சளுக்கு வெளியே வந்ததும் "OK" ஆக்கினால், விலை கோட்டின்மேல் ஏறி இறங்கும் அரை மணி நேரத்தில் நாற்பது தடவை போன் அடிக்கும். நீங்களே அதை ஊமையாக்கிவிடுவீர்கள், அப்புறம் அலாரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். 1.2 மடங்கு தூரம் விலகும்வரை பழைய நிலையே தொடரட்டும். புரோகிராம் தொடங்கும்போது `level = "OK"` என்று ஒருமுறை வைத்துவிட்டு, `level` மாறும்போது மட்டும் செய்தி அனுப்புங்கள்.

கோட்டைத் "தாண்டியதா" என்று பார்க்காமல் "இப்போது எங்கே இருக்கிறது" என்று பார்க்கும்படிதான் எழுதியிருக்கிறேன். தாண்டுவதை மட்டும் பார்க்கிற புரோகிராம், நடுவில் நின்று மறுபடி தொடங்கும்போது விலை ஏற்கெனவே கோட்டுக்கு அப்பால் இருந்தால், வாயே திறக்காது.

மதுரை: அந்த 100, 150 எங்கிருந்து வந்தது? இவ்வளவு நேரம் நிலையான பாயிண்ட் கூடாது என்றீர்கள், இப்போது நீங்களே வைக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. எக்ஸ்பைரி அன்று காலை கால் நாள்தான் மிச்சம். நகர்வு 78.5 பாயிண்டுக்கு வந்துவிடும். 0.5 என்றால் 39 பாயிண்டில்தான் சிவப்பு அடிக்கும். அதற்குள் போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, அந்தப் பக்கம் விற்றதையும் வாங்கியதையும் மூடி முடிக்க நேரமிருக்காது. நிகழ்தகவு சரியாக இருந்தாலும் கை வேகம் போதாது. அதனால் கீழ்வரம்பு என் கையைப் பொறுத்தது. நான் வேலையில் இருக்கும்போது பதில் சொல்ல 15 நிமிடம் ஆகும். கடந்த சில மாத 15 நிமிட கேண்டில்களில் பெரியவற்றைப் பார்த்து 100 வைத்தேன். திரைமுன் உட்காருகிறவர் 60 வைக்கலாம்.

கோவை: நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எக்ஸ்பைரி நாளில் அலாரமே வேண்டாம், ஷார்ட்டை திங்கள் மதியமே மூடிவிட வேண்டும். மிச்சம் இருக்கும் 4, 5 பாயிண்டுக்காக 166ஐ பணயம் வைப்பது எந்தக் கணக்கு?

மதுரை: அந்த 4, 5 பாயிண்ட்தான் ஐயா வருஷம் முழுக்கச் சேர்ந்து லாபம். 34இல் 5 போனால் ஏழில் ஒரு பங்கு. எனக்கு மூன்று வருஷமாக இதுதான் சோறு போடுகிறது.

கோவை: மூன்று வருஷம் சோறு போட்டது ஒரே மதியத்தில் எடுத்துக்கொள்ளும். எனக்கு எடுத்துக்கொண்டது.

இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நிஃப்டி ஆப்ஷன் தீர்வாவது கடைசி ஒரு டிக்கில் அல்ல, கடைசி அரை மணி நேரத்தின் சராசரியில். ஆகவே 3:00 மணிக்குப் பிறகு ஸ்பாட்டை மட்டும் பார்க்கும் அலாரம் தவறான எண்ணைப் பார்க்கிறது. 3:20க்கு 25,410 ஆனாலும், அதுவரை 25,350இல் ஓடியிருந்தால் சராசரி 25,400க்குக் கீழே நிற்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் பதறிப்போய் ஊதிய பிரீமியத்தில் மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். 3:00க்குப் பிறகு ஓடும் சராசரியையும் பக்கத்தில் காட்டுங்கள்.

மூடுவதா, வைப்பதா? நான் திங்கள் மாலை 5 பாயிண்டுக்குக் கீழே வந்தால் மூடுகிறேன். மதுரைக்காரர் கணக்கைத் தவறென்று என்னால் நிரூபிக்க முடியாது.

மதுரை: நீங்கள் மூடுகிறீர்கள் என்றால் அந்தக் கீழ்வரம்பு உங்களுக்கு எதற்கு?

5க்குக் கீழே வராத வாரங்களுக்கு.

நாகர்கோவில்: அலாரம் இருந்தால் ஹெட்ஜ் வாங்க வேண்டியதில்லையே? விற்ற காலும் புட்டும் மட்டும் போதாதா, பிரீமியம் மிச்சமாகுமே.

போதாது. 2024 தேர்தல் வாரத்தைப் பாருங்கள். மே 31, வெள்ளி, நிஃப்டி 22,530.70இல் முடிந்தது. சனி மாலை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வந்தன. திங்கள் சந்தை திறந்தபோதே 23,300க்கு மேல். நடுவில் இருந்த எந்தக் கோட்டிலும் வியாபாரம் நடக்கவே இல்லை, அலாரம் அடிப்பதற்கு விலை அங்கே நிற்கவில்லை. அன்று 23,263.90இல் முடிந்து, செவ்வாய், ஜூன் 4 அன்று 21,884.50. இரண்டே நாளில் மேல் ஸ்ட்ரைக்கும் கீழ் ஸ்ட்ரைக்கும் இரண்டுமே போன காண்டர்கள் உண்டு. அங்கே காப்பாற்றியது வாங்கி வைத்த இறக்கைகள் மட்டும்தான். காலை 9:15க்கு முன்னால் கிஃப்ட் நிஃப்டியைப் பார்த்து எச்சரிக்கை வாங்கலாம், ஆனால் தகவல் கிடைக்குமே தவிர வெளியேற வழி கிடைக்காது.

தஞ்சாவூர்: கூகுள் ஷீட்டில் `GOOGLEFINANCE` வைத்து அலர்ட் செய்திருக்கிறேன், சரிதானே?

வேண்டாம். அந்த விலை 20 நிமிடம் வரை தாமதமாக வரலாம்.

சிங்கப்பூர்: நான் எஸ்.பி.ஒய். காண்டர் போடுகிறேன். இதே கணக்கு செல்லுமா?

தூரக் கணக்கு செல்லும். ஆனால் எஸ்.பி.ஒய். அமெரிக்க முறை ஆப்ஷன், முடிவுநாளுக்கு முன்பே உங்கள் ஷார்ட்டை எதிராளி எக்சர்சைஸ் செய்யலாம். டிவிடெண்ட் தேதிக்கு முந்தின நாள், விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே போய் ஷார்ட் கால் ஐ.டி.எம். ஆகி, அதில் மிச்சமுள்ள நேர மதிப்பு டிவிடெண்டைவிடக் குறைந்துவிட்டால் தனியாக ஓர் அலாரம் வேண்டும். நிஃப்டியில் அந்தக் கவலை இல்லை.

விழுப்புரம்: ரிலையன்ஸ் பங்கில் காண்டர்?

பங்கு ஆப்ஷன்கள் முடிவுநாளில் பங்காகவே கொடுக்கல் வாங்கல் ஆகும். மார்ஜின் கடைசி நாட்களில் ஏறும். அது வேறு கதை, இங்கே கலக்க வேண்டாம்.

கரூர்: நாள் கணக்கில் சனி, ஞாயிறைச் சேர்க்கலாமா?

மேலே உள்ள உதாரணத்தில் 365க்குப் பதில் 252ம், 5க்குப் பதில் 3 வியாபார நாளும் போட்டால் 351 என்பது 327 ஆகும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம்: எத்தனை பாயிண்ட் தூரத்தில் அலாரம் வைத்தால் நல்லது?

மூன்றாவது முறை. முதல் பதில். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

புதுச்சேரி: எல்லாம் அமைத்துவிட்டேன், ஒரு வாரமாக ஒரு அலாரமும் வரவில்லை. நல்ல அறிகுறிதானே?

அலாரம் வராதது இரண்டு காரணத்தால் இருக்கலாம். விலை தூரத்தில் இருக்கலாம், அல்லது புரோகிராம் செத்திருக்கலாம். போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எனக்கு நடந்தது: விலைத் தொடர்பு அறுந்து, கடைசி விலை அப்படியே உறைந்து நின்றது. புரோகிராம் நொடிக்கொரு முறை அதே எண்ணைப் பார்த்து "OK" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வேறு காரணத்துக்காகத் திரையைப் பார்த்தேன், ஷார்ட் புட்டைத் தாண்டிப் போயிருந்தது.

அதிலிருந்து இரண்டு செய்கிறேன். விலையோடு வரும் நேர முத்திரையைப் பார்க்கிறேன், சந்தை நேரத்தில் அது 60 நொடிக்கு மேல் பழையதானால் அதுவே சிவப்பு. அடுத்து, மணிக்கு ஒருமுறை "இருக்கிறேன், கால் தூரம் 310, புட் தூரம் 490" என்று ஒரு வரி வர வேண்டும், வராவிட்டால் நான் போய்ப் பார்க்க வேண்டும். உங்களுடையதில் இன்று ஒரு சோதனை செய்யுங்கள். `call_k`ஐ ஸ்பாட்டுக்கு 50 பாயிண்ட் மேலே மாற்றிவிட்டு, போன் அடிக்கிறதா பாருங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்து, அப்போதும் உங்களுக்குத் தெரியவருகிறதா என்று பாருங்கள். இரண்டாவதில்தான் பெரும்பாலும் தோற்கிறது. அதைச் சரிசெய்ய, கண்காணிப்பவரைக் கண்காணிக்கும் இன்னொரு சின்ன நிரல் வேறொரு கணினியில் ஓட வேண்டும்.

புதுச்சேரி: போட்டுப் பார்த்தேன் மேடம். முதலாவது அடித்தது. இரண்டாவது அடிக்கவில்லை.

திங்கள் காலை 9:15க்குள் சரிசெய்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்த வாரம் லாட்டைப் பாதியாக்குங்கள்.