ஹால் டிக்கெட்டில் பெயர் ஏன் தப்பாக வருகிறது?

பள்ளியில் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தோம். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் மட்டும் தமிழ் இனிஷியல் தப்பாக இருக்கிறது. யார் மாற்றியது?

யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஹால் டிக்கெட்டுக்காக யாருடைய விவரத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்வதில்லை. எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் தளத்தில் பள்ளி வைத்திருக்கும் பதிவிலிருந்து மாணவர் பெயர்ப்பட்டியல் உருவாகிறது. நாமினல் ரோல் என்பார்களே, அதுதான். தலைமையாசிரியர் அதைச் சரிபார்த்து இணையத்தில் உறுதிசெய்கிறார். ஹால் டிக்கெட் அந்தப் பட்டியலின் ஒரு வரி, அவ்வளவுதான்.

அப்பா பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'எம்' போதும். தமிழில் 'மு' வரவேண்டும். சேர்க்கையின்போது யாரோ 'ம' என்று அடித்திருந்தால் கணினிக்கு அது பிழையே இல்லை. ஆங்கிலப் பெயரை மட்டும் பார்ப்பவர் கண்ணிலும் படாது. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினாலும் இதே கதைதான்: 05.08 என்பதும் 08.05 என்பதும் செல்லுபடியாகும் தேதிகளே. பெயர்ப்பட்டியலை அச்சிட்டு வகுப்பில் கையெழுத்து வாங்கும்போது பிள்ளைகள் பாதிப்பேர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள்.

திருத்தத்துக்கென்று ஒதுக்கும் நாட்கள் முடிந்ததும் பள்ளியால் தானாக மாற்ற முடியாது. சரி, இப்போது என்ன செய்வது? ஹால் டிக்கெட்டில் பேனாவால் திருத்தாதீர்கள்; மூலப் பதிவு அப்படியே இருக்கும், மதிப்பெண் சான்றிதழிலும் 'ம'தான் வரும். பிறப்புச் சான்றிதழ் நகலோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். அவர் வழியாகத்தான் கோரிக்கை தேர்வுத்துறைக்குப் போகவேண்டும். அப்புறம், எமிஸிலும் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிளஸ் ஒன்னிலும் அதே 'ம' தொடரலாம்.