ரெஃபரன்ஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் பார்ப்பவை

கேள்வி: வங்கிக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் ரெஃபரன்ஸ் கடிதங்களை மேலாளர் கையெழுத்துக்கு அனுப்பும் முன் நான் சரிபார்க்க வேண்டும். கணக்கு தொடங்கிய தேதி, சராசரி இருப்பு, வாசகம் மூன்றையும் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்:

பல வருடம் இதே மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரே ஒரு கடிதத்தை எடுத்துச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடும். மூன்று இடத்திலும் தப்பாக இருந்த கடிதம் அது.

சிறிய வியாபாரி ஒருவர். வெளிநாட்டுச் சப்ளையரிடம் 60 நாள் கடனில் சரக்கு வாங்க விரும்பினார். சப்ளையர் வங்கிக் கடிதம் கேட்டார். என் மேசைக்கு வந்த வரைவு இப்படி இருந்தது: “இவர் 14-11-2016 முதல் எங்களிடம் கணக்கு வைத்திருக்கிறார். சராசரி இருப்பு 2,70,000. நல்ல வசதி உள்ளவர். வாங்கும் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவார்.” எழுத்துப்பிழை எதுவும் கிடையாது. சிஸ்டத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள்.

முதலில் தேதி. வாடிக்கையாளரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, “நான் 2009-ல் இருந்தே உங்களிடம்தானே இருக்கிறேன்” என்றார். யார் சொல்வது சரி என்று பார்க்க, ஸ்டேட்மென்ட்டின் முதல் வரிக்குப் போனேன். உண்மையிலேயே அன்றுதான் தொடங்கிய கணக்கு என்றால் இருப்பு பூஜ்யத்தில் ஆரம்பித்து, முதல் வரவு அதன் கீழே வரும். இதிலோ முதல் வரியிலேயே “முன் இருப்பு” என்று ஒரு தொகை நின்றது. அதற்கு முன்னால் அந்தக் கணக்கு வேறெங்கோ இருந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அடுத்தடுத்த எண்களில் இருந்த நான்கைந்து கணக்குகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே 14-11-2016. பழைய மென்பொருளில் இருந்து புதியதுக்குக் கணக்குகளை மாற்றிய நாள் அது. மாற்றியபோது அந்த நாளையே ‘தொடங்கிய தேதி’ என்ற கட்டத்தில் ஏற்றிவிட்டார்கள். கிளைகளை இணைக்கும்போதும், கணக்கு எண் மாறும்போதும் இதே தப்பு நடக்கும்.

கிடங்கில் இருந்து பழைய விண்ணப்பப் படிவத்தை எடுக்கச் சொன்னேன். அதில் இன்னொரு விஷயம் தெரிந்தது. 2009-ல் அவர் தொடங்கியது சேமிப்புக் கணக்கு. வியாபாரம் நடக்கிற நடப்புக் கணக்கைத் தொடங்கியது 2012 ஏப்ரலில். சிஸ்டம் சொன்னதும் சரியில்லை, அவர் சொன்னதும் இந்தக் கணக்குக்குப் பொருந்தவில்லை. ‘எப்போதிலிருந்து வாடிக்கையாளர்’, ‘இந்தக் கணக்கு எப்போது தொடங்கியது’ என்ற இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே வரியில் கலந்தால், அந்த வியாபாரத்தை 2009-லிருந்தே நாம் பார்த்து வருவதாகச் சப்ளையர் நினைத்துக்கொள்வார். அதனால் இரண்டு தேதியையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன். இன்னொன்று, மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03-04-2012 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4.

அடுத்தது சராசரி இருப்பு. நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ‘சராசரி இருப்பு 2,70,000’ என்றால் எதனுடைய சராசரி, எத்தனை நாளுக்கு? வரைவை எழுதியவரிடம் கேட்டேன். ரிப்போர்ட்டில் வந்தது என்றார். அந்த ரிப்போர்ட் ஜூன் மாதத்துக்கு மட்டும் எடுத்தது. மாதத் தொடக்க இருப்பையும் முடிவு இருப்பையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தது.

ஜூன் மாதத்தில் நடந்தது இதுதான். முதல் 24 நாளும் கணக்கில் 20,000 இருந்தது. 25-ம் தேதி 5,00,000 வரவு வந்து, மீதி 6 நாளும் 5,20,000 நின்றது. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் எடுத்தால் சராசரி 2,70,000. மாதக் கடைசி இருப்பை மட்டும் பார்ப்பவருக்கு 5,20,000. ஒவ்வொரு நாள் முடிவு இருப்பையும் கூட்டினால் 24 நாளுக்கு 4,80,000, ஆறு நாளுக்கு 31,20,000, ஆக மொத்தம் 36,00,000. அதை 30-ஆல் வகுத்தால் 1,20,000. ஒரே கணக்கு, ஒரே மாதம், மூன்று விடை. கணக்கில் பணம் எவ்வளவு நாள் தங்கியது என்பதைக் காட்டுவது மூன்றாவது மட்டும்தான். கடன் கொடுக்க யோசிப்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு மாதம் போதாது என்று ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை எடுத்தோம். 181 நாள். தினசரி முடிவு இருப்புகளின் கூட்டல் 1,52,04,000. வகுத்தால் 84,000. வரைவில் இருந்த 2,70,000 எங்கே, இது எங்கே. சில வங்கிகள் துல்லியமான தொகை தராமல் ‘ஆறு இலக்கத்தின் கீழ்ப்பகுதி’, ‘ஐந்து இலக்கத்தின் மேல்பகுதி’ என்று எழுதும். அப்படி எழுதியிருந்தால்கூட இலக்கமே மாறிப் போயிருக்கும். அந்த முறையில் எழுதுவதானால், கீழ்ப்பகுதி என்றால் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லா வங்கிக்கும் அளவுகோல் ஒன்றல்ல.

கணக்குப் போடும்போது மூன்றைக் கவனியுங்கள். விடுமுறை நாட்களையும் எண்ண வேண்டும். அன்றைக்கு முந்தைய நாளின் இருப்பே தொடரும். கணக்கு மைனஸில் போன நாட்களை மென்பொருள் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறதா, மைனஸாகவே கூட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பூஜ்யமாக எடுத்தால் சராசரி உண்மையைவிடக் கூடுதலாக வரும். போட்ட செக் இன்னும் பணமாகாமல் இருந்தால், அந்தத் தொகை லெட்ஜர் இருப்பில் தெரியும், எடுக்கக்கூடிய இருப்பில் தெரியாது. எந்த இருப்பை எடுத்தீர்கள் என்பது உங்கள் குறிப்பில் இருக்கட்டும்.

வாடிக்கையாளருக்கு வருத்தம். “84,000 என்று எழுதினால் என்னைச் சின்ன ஆளாக நினைப்பார்களே” என்றார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த 5,00,000 சரக்கு விற்று வந்த பணம், அவருடைய பணம். அதனால் ஜூன் 30 நாள் முடிவில் இருப்பு 5,20,000 என்று தனி வரியாகச் சேர்த்தோம். இரண்டு எண்ணும் அதனதன் பெயரோடும் தேதியோடும் நின்றால் படிப்பவர் தானே புரிந்துகொள்வார். அவருக்காகச் சராசரியை வளைப்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது.

இப்போது வாசகம். ‘நல்ல வசதி உள்ளவர்’ என்பது நமக்குத் தெரியாது. நம்மிடம் இருக்கும் கணக்குதான் நமக்குத் தெரியும். வெளியே அவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று நாம் பார்க்கவில்லை. ‘திருப்பிச் செலுத்துவார்’ என்பது நாளை நடக்கப் போவது. அதைப் படிப்பவருக்கு வங்கியே உத்தரவாதம் கொடுத்த மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதங்களின் அடியில் ‘பொறுப்பு ஏற்கவில்லை’ என்று வரும் வழக்கமான வரிக்கு அது நல்ல விளக்கம். இங்கிலாந்தில் ஹெட்லி பைர்ன் என்ற விளம்பர நிறுவனம், ஈசிபவர் என்ற தன் வாடிக்கையாளர் நம்பகமானவர்தானா என்று தன் வங்கி மூலம் விசாரித்தது. ஈசிபவரின் வங்கியான ஹெல்லர், அந்த நிறுவனம் வழக்கமான வியாபாரப் பொறுப்புகளுக்குத் தகுதியானது என்று பதில் எழுதியது. கூடவே, நீங்கள் சொல்லும் தொகை நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதைவிடப் பெரியது என்றும் சொன்னது. ஈசிபவர் நொடித்துப் போனது. ஹெட்லி பைர்னுக்கு 17,000 பவுண்டு நஷ்டம். 1963-ல், அப்போது அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், நம்பி நடப்பார்கள் என்று தெரிந்து கவனக்குறைவாகத் தகவல் சொல்பவருக்குப் பொறுப்பு வரலாம். ஆனால் வங்கியோ அதன் அதிகாரிகளோ பொறுப்பு ஏற்கவில்லை என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்ததால் ஹெல்லர் தப்பியது.

அதனால் அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அது இருக்கிறதே என்று மேலே எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தெரிந்தே எழுதிய பொய்யை அந்த வரி காப்பாற்றாது. எல்லா நாட்டுச் சட்டமும் அதற்கு ஒரே மதிப்புக் கொடுப்பதும் இல்லை.

‘கணக்கு திருப்திகரமாக நடத்தப்படுகிறது’ என்ற வாசகத்திலும் கவனமாக இருங்கள். சாதாரணமாகத் தெரியும், ஆனால் வங்கிக் கடிதம் படித்துப் பழகியவர் அதற்குப் பெரிய அர்த்தம் எடுத்துக்கொள்வார். அதை எழுதும் முன் 12 மாதத்தில் திரும்பிய செக் உண்டா, கணக்கு அனுமதியில்லாமல் மைனஸில் போனதா என்று பாருங்கள். நம் வியாபாரிக்கு பிப்ரவரியில் ஒரு செக் பணம் இல்லாமல் திரும்பியிருந்தது. அதனால் அந்த வரியை வைக்கவில்லை. வைக்காமல் விட்டதே மறைத்ததாக ஆகக்கூடாது என்பதற்காக, கடிதம் எதைப் பற்றியது என்ற எல்லையை அதிலேயே சொன்னோம்.

கடைசியில் போன கடிதம்: “வாடிக்கையாளரின் எழுத்துமூலமான வேண்டுகோளின்படி, கீழே பெயர் குறிப்பிட்ட நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு மட்டும் இக்கடிதம் தரப்படுகிறது. எங்கள் பதிவேடுகளின்படி இவர் 2009 ஜூலை 6 முதல் எங்கள் வாடிக்கையாளர். மேற்கண்ட நடப்புக் கணக்கு 2012 ஏப்ரல் 3 அன்று தொடங்கப்பட்டது. ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரையிலான 181 நாட்களின் தினசரி முடிவு இருப்பின் சராசரி 84,000. ஜூன் 30 நாள் முடிவில் இருப்பு 5,20,000. இக்கடிதம் இந்த விவரங்களை மட்டுமே தெரிவிக்கிறது. வாடிக்கையாளரின் கடன் தகுதி பற்றிய கருத்தோ உத்தரவாதமோ அல்ல. வங்கியோ அதன் அதிகாரிகளோ இதன் பேரில் பொறுப்பு ஏற்கவில்லை.” தொகைகளோடு நாணயத்தின் பெயரும், ஜனவரி, ஜூனோடு வருடமும் இருந்தன. இங்கே விட்டிருக்கிறேன்.

முதல் வரியில் வரும் எழுத்துமூலமான வேண்டுகோளை நீங்களே கண்ணால் பாருங்கள். யாருக்கு, எந்த விவரம் தரலாம் என்று அதில் இருக்க வேண்டும். கணக்கு விவரத்தை வெளியே சொல்வதற்கு அந்தக் காகிதம்தான் நமக்கு அனுமதி.

எங்கள் அலுவலகப் பிரதியோடு மூன்று தாளைச் சேர்த்து வைத்தேன்: அந்த வேண்டுகோள், படிவத்தின் நகல், 181 நாள் கூட்டல். சில வாரம் கழித்து சப்ளையரின் வங்கியில் இருந்து சராசரியை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். நான் அன்று விடுப்பில் இருந்தேன். அந்தத் தாளைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரரே பதில் எழுதிவிட்டார்.