1 மேக் கொடுத்தும் நோயாளி ஏன் அசைந்தார்?

"வேப்பரைசரில் மயக்க வாயு செவோஃப்ளூரேன் 2% வைத்திருந்தோம். நோயாளிக்கு 40 வயது. கத்தி பட்டதும் கையை இழுத்தார். 1 மேக் போதாதா?"

போதாது. தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கும் செறிவுதான் 1 மேக்; மீதிப் பாதி அசைவார்கள். ஏறக்குறைய 95% பேர் அசையாமலிருக்க 1.3 மேக் வேண்டும், அதாவது சுமார் 2.6%.

அப்புறம், டயலில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். மூச்சு விட்டு முடியும்போது மானிட்டர் காட்டும் செறிவைத்தான் பார்க்க வேண்டும். டயலில் 2 இருக்க, அங்கே 1.4 என்றால் கிடைத்தது 0.7 மேக்தான். 50% நைட்ரஸ் ஆக்ஸைடு சேர்த்தால் இன்னொரு அரை மேக் கூடி 1.2 ஆகும். கீறலுக்கு முன் வலி மருந்தான ஃபென்டனில் கொடுத்தாலும் வாயுவின் தேவை நன்றாகக் குறையும்.

கை அசைந்ததால் விழித்துவிட்டார் என்று பயப்பட வேண்டாம். இந்த அசைவை அடக்குவது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிறது. நினைவு அதற்கு வெகு முன்பே, மேக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே மங்கிவிடும். ஆனால் மூச்சு தாறுமாறாகி, கண்மணியும் விரிந்திருந்தால் அது மயக்கத்தின் இரண்டாம் நிலை, அதாவது கிளர்ச்சி நிலை. குரல்வளை இறுகிவிடும் ஆபத்து அப்போதுதான் அதிகம். சர்ஜனை நிறுத்தச் சொல்லி, முதலில் ஆழத்தைக் கூட்டுங்கள்.