மண்டப விளம்பரம்: எந்த வரி வழக்காகும், எது ஆகாது?

கேள்வி: மகள் திருமணத்துக்கு மண்டபம் தேடியபோது, "1000 பேர் அமரலாம், 100 கார் நிறுத்தலாம், வெளிச் சமையலுக்கு அனுமதி உண்டு, பாதி வாடகை முன்பணம்" என்று இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதியிருந்ததை நம்பி, நேரில் போய்ப் பார்த்து ரூ.2 லட்சம் கட்டினோம். இப்போது ஒரு பந்திக்கு 250 பேர்தான், 30 கார்தான் நிற்கும் என்கிறார்கள். எங்கள் சமையல்காரர் வந்தால் தனியாக ரூ.60,000 கேட்கிறார்கள். மேலாளர் என் கணவரை எடுத்தெறிந்து பேசினார். ரசீதின் பின்புறம் முன்பணம் திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டிருக்கிறது. திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: மேலாளரின் பேச்சை விட்டுவிடுங்கள், அதற்கு வழக்கில் இடமில்லை. பந்தியையும் கார்களையும் வைத்து ஒப்பந்தத்தையே ரத்து செய்வதும் கடினம், ஏனெனில் பணம் கட்டுமுன் நீங்கள் மண்டபத்தை நேரில் பார்த்திருக்கிறீர்கள். தவறான தகவலை நம்பிச் சம்மதித்தவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவே, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த உரிமை இல்லை என்றும் சொல்கிறது. இலைபோடும் கூடத்தில் நின்று மேசை வரிசைகளை எண்ணியிருக்கலாமே என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும்.

ஆனால் வெளிச் சமையல்காரருக்குக் கட்டணம் உண்டு என்பதைச் சமையற்கட்டைச் சுற்றிப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வழக்கு இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ரசீதின் பின்புறத்தில் சமையல் பற்றி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. கட்டணம் உண்டு என்று அங்கே இருந்து, கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால், விளம்பர வரி பெரும்பாலும் தோற்றுவிடும். ரசீது அதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால், அந்த இடைவெளியை விளம்பர வரியைக் கொண்டு நிரப்பலாம். அந்த வரியைக் கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி இன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள். பதிவை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வழக்கு என்று வந்தால், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழோடுதான் அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

நான் உண்மையில் அஞ்சுவது நீங்கள் அனுப்ப நினைக்கும் அந்தச் செய்தியைப் பற்றித்தான். ஏறக்குறைய இதே குறையோடு வந்த ஒரு கட்சிக்காரர், என்னிடம் வருமுன்பே மண்டபத்துக்கு வாட்ஸ்அப்பில் "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக மண்டபம் தேவைப்படவில்லை" என்று மரியாதையாக எழுதியிருந்தார். முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாமே என்ற நம் பழக்கம்தான் அது. நுகர்வோர் ஆணையத்தில் மண்டபத்தார் தாக்கல் செய்த முதல் ஆவணமே அந்தச் செய்தி. குறைபாட்டால் விலகியவர் என்ற நிலை போய், தம் வசதிக்காக விலகியவர் ஆகிவிட்டார். ஒப்பந்தத்தை முறித்தது யார் என்பது மாறினால், இழப்பீடு கேட்பவரும் மாறிவிடுகிறார்.

அப்போதும் முழு முன்பணத்தையும் அவர்கள் விழுங்கிவிட முடியாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். முன்பணப் பறிமுதலுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் தெளிவுபடுத்தியது. என் கட்சிக்காரர் அதே முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில் நடந்த வேறொரு திருமணத்தின் அழைப்பிதழைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அந்த மஞ்சள் தடவிய அட்டைதான் பணத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. அந்த நாள் காலியாகவே கிடந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ஆகவே ரத்து செய்யாதீர்கள். மூன்று மாதத்தில் அதே முகூர்த்தத்துக்கு வேறு மண்டபம் கிடைப்பதும் அரிது. விளம்பரத்தில் சொன்னபடி வெளிச் சமையலைக் கட்டணமின்றி அனுமதிக்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள், மேலாளரிடம் அல்ல. ரூ.60,000 பாதியாகக் குறைந்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. ரூ.30,000க்காக வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதில் லாபமில்லை.

குறைக்கவே மறுத்தால், ஆட்சேபத்தோடு செலுத்துவதாக எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டுத் திருமணத்தை நடத்துங்கள். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே தாக்கல் செய்யலாம். புகாரைச் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையச் சொல்லுங்கள். ரசீதின் பின்புற நிபந்தனையை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தாக்கினால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மண்டபத்தைக் காலி செய்யும் அன்று, மின்கட்டணக் கணக்கு முடிக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லி உங்கள் கணவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.