கைமாத்துக் கொடுத்த பணம்: பத்திரம் இல்லாவிட்டால் எதைக் காட்டுவது?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். சித்தப்பா மகன் வீடு கட்டுகிறான் என்று 2024 மார்ச் 11-ல் நகையை அடகு வைத்து இரண்டரை லட்சம் பேங்க்கில் போட்டுவிட்டேன். ஏப்ரல் 2-ல் ஒரு லட்சம் கையில் கொடுத்தேன், எங்கள் அத்தை கூட இருந்தார். அந்த டிசம்பரில் 20,000 ஜிபேயில் திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இப்போது கேட்டால், "அது வீட்டுக்குச் செய்முறையா குடுத்ததுதானேக்கா" என்கிறான். புரோநோட்டு எதுவும் எழுதவில்லை. போலீசுக்குப் போவதா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். விலை கொடுத்து வாங்கிய பொருளிலும் சேவையிலும் குறை இருந்தால்தான் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். உறவுக்குள் கொடுத்த கைமாத்து அதில் வராது. காவல் நிலையத்தில் மனுவுக்கு ரசீது தருவார்கள், கூப்பிட்டும் பேசுவார்கள். ஆனால் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். 20,000 திருப்பித் தந்தவர் விஷயத்தில் அதைக் காட்டுவது கடினம். நீங்கள் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட். வாய்மொழிக் கடனும் சட்டப்படி செல்லும். எழுத்து இல்லை என்பதற்காக வழக்கைத் தள்ள மாட்டார்கள், நிரூபிக்கும் வேலைதான் உங்கள் தலையில் கூடுதலாக விழும்.

முதலில் கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம், அதற்குள் வழக்குத் தாக்கலாகி இருக்க வேண்டும். கடைசியாகக் கேட்ட நாளிலிருந்தோ அவர் மறுத்த நாளிலிருந்தோ எண்ணுவார்கள் என்று பலர் நினைத்து ஏமாந்து போகிறார்கள். உங்கள் கணக்கில் பேங்க்கில் போட்ட பணத்துக்கு 2027 மார்ச் 11, கையில் கொடுத்ததற்கு 2027 ஏப்ரல் 2. டிசம்பரில் வந்த 20,000-ஐ வைத்து கெடு புதிதாக ஆரம்பித்தது என்று வாதாடலாம். ஆனால் அப்படிச் செலுத்தியது கொடுத்தவரின் கையெழுத்திலோ, அவர் கையெழுத்திட்ட எழுத்திலோ இருக்க வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். ஜிபே பரிமாற்றம் அந்தக் கையெழுத்துக்குச் சமமா என்ற சண்டையை நீங்கள் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? முதல் தேதியையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சான்று. இரண்டரை லட்சம் அவர் கணக்குக்குப் போனதை பேங்க் ஸ்டேட்மெண்ட் காட்டிவிடும். அது கடனா, அன்பளிப்பா, பழைய பாக்கியைத் தீர்த்ததா என்பதை ஸ்டேட்மெண்ட் சொல்லாது. எதிர்த்தரப்பு வக்கீல் புகுந்து வருவது இந்த இடைவெளியில்தான். "செய்முறை" என்று உங்கள் தம்பி இப்போதே சொல்கிறார். நாளை கோர்ட்டில் "அக்கா எனக்குத் தர வேண்டியிருந்தது, அதைத்தான் போட்டார்" என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

அந்த மார்ச் மாத ஸ்டேட்மெண்டை மட்டும் வாங்காமல், 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் முடிய வாங்குங்கள். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் அவரிடமிருந்து உங்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை என்று அதில் தெரிந்தால், பழைய பாக்கி என்ற பேச்சு தளர்ந்துவிடும். போனில் இறக்கிய பிடிஎஃப் போதாது. கிளைக்குப் போய், கோர்ட்டில் தாக்கல் செய்ய வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891-ன்படி சான்றளித்த நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மேலாளரின் கையெழுத்தும் முத்திரையும் சான்று வாசகமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதைவிடக் கனமான காகிதம் உங்கள் அடகுச் சீட்டு. நகைக்கடன் வாங்கிய அதே நாளில் அந்தப் பணம் தம்பி கணக்குக்குப் போயிருக்கிறது. செய்முறை செய்வதற்காகச் சொந்த நகையை அடகு வைத்து, அதற்கு மாதாமாதம் வட்டியும் கட்டுகிறவர் அரிது. நீதிபதிக்கும் அது தெரியும். நகையை மீட்டிருந்தால் மீட்ட ரசீதையும், வட்டி கட்டிய ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

செய்முறை என்ற பேச்சுக்கு இன்னொரு பதிலும் உண்டு. புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது மொய் எழுதினீர்களா? நம் பக்கம் கம்ப்யூட்டர் மொய் வைத்தால் பெயர், ஊர், தொகையோடு கையில் ஒரு சீட்டு தருவார்கள். அதில் உங்கள் பெயரில் 5,000 என்றிருந்தால், செய்முறை அன்றைக்கே தனியாக முடிந்துவிட்டது என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டு போதும். உங்கள் வீட்டு மொய் நோட்டையும் புரட்டுங்கள். அவர் உங்களுக்கு முன்பு செய்தது எவ்வளவு என்று பார்த்தால், பதில் செய்முறை மூன்றரை லட்சம் என்பது எவ்வளவு பொருந்தாது என்று தெரிந்துவிடும்.

அடுத்து வாட்ஸ்அப். "வந்துருச்சுக்கா, ரொம்ப நன்றி" என்ற செய்தி பணம் சேர்ந்ததை மட்டுமே சொல்கிறது, அன்பளிப்பு வாங்கியவரும் அப்படித்தான் எழுதுவார். நீங்கள் தேட வேண்டியது திருப்பித் தருவதைப் பற்றிய சொல்: "தை கழியட்டும்", "லோன் வந்ததும் தர்றேன்", "மிச்சம்". அந்த 20,000 வந்த நாளின் செய்திகளை வரி வரியாகப் படியுங்கள். "முதல்ல 20 போட்டுருக்கேன், மிச்சம் அப்புறம்" என்பது போல ஒரு வரி இருந்தால், அந்த "மிச்சம்" என்ற ஒரு சொல் உங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்தும். அன்பளிப்பில் மிச்சம் ஏது? குரல் பதிவுகளையும் விடாமல் கேளுங்கள், அவற்றில்தான் ஆட்கள் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள்.

அப்படி ஒரு வரியும் இல்லையென்றால், இப்போது வரவழைக்கப் பாருங்கள். கோபப்படாமல், தேதியும் தொகையும் வைத்து எழுதுங்கள்: "தம்பி, மார்ச் 11-ல் 2,50,000 பேங்க்கில் போட்டேன், ஏப்ரல் 2-ல் அத்தை முன்னாடி 1,00,000 கையில் குடுத்தேன். நீ 20,000 தந்தது போக 3,30,000 பாக்கி. எப்பத் தர்றே?" "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க" என்று பதில் வந்தால் கையில் கொடுத்ததற்கும் சேர்த்து ஒப்புதல் கிடைத்துவிடும். மிரட்டலோ வசவோ ஒரு வார்த்தைகூட வேண்டாம், அந்தச் செய்தியும் கோர்ட்டுக்கு வரும்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை மாற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த உரையாடலில் செய்தி தானாக அழியும் வசதி இருந்தால் உடனே அணையுங்கள். Export chat கொடுத்து முழு உரையாடலையும் எடுத்து, அந்தக் கோப்பைத் திருத்தாமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி, செய்திகளின் அச்சுநகலோடு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் தொழில்நுட்பம் அறிந்த ஒருவரும் கையெழுத்திட வேண்டும். போனின் மாடல், ஐஎம்இஐ எண், கோப்பின் ஹேஷ் மதிப்பு எல்லாம் அதில் வரும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு எழுத்தை மாற்றினாலும் அது மாறிவிடும். எது எப்படியானாலும் அந்தப் பழைய போனை விற்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம்.

கையில் கொடுத்த ஒரு லட்சம்தான் உங்கள் வழக்கில் மெலிந்த இடம். அது முழுக்க அத்தையின் சாட்சியத்தில் நிற்கிறது. உறவுக்காரர் என்பதால் சாட்சி செல்லாது என்று சட்டம் இல்லை. உறவுக்குள் கொடுத்த பணத்தை உறவுக்காரர்தானே பார்த்திருக்க முடியும்? ஆனால் குறுக்கு விசாரணையில் எந்த அறை, யார் எண்ணினார்கள், ஐநூறு ரூபாய்க் கட்டா, என்ன சொல்லி வாங்கினார் என்று கேட்பார்கள். அத்தை நினைவில் இருப்பதை மட்டும் சொல்லட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். நீங்கள் பாடம் சொல்லிக் கொடுத்தால் உங்கள் பதிலும் அவர் பதிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக வந்து, இரண்டுமே சந்தேகத்துக்கு ஆளாகும். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? அன்றோ முந்தின நாளோ பேங்க்கில் எடுத்திருந்தால் ஸ்டேட்மெண்டில் இருக்கும், சீட்டு எடுத்திருந்தால் சீட்டுப் புத்தகம் இருக்கும். அத்தை சொல்வதற்கு அது முட்டுக் கொடுக்கும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்று பயம் காட்டுவார்கள். அந்த அபராதம் வாங்கியவருக்குத்தான், அதனால் உங்கள் கடன் செல்லாமல் போகாது.

பெரியவர்களை வைத்துப் பேசுவதானால் வெறும் பேச்சோடு எழுந்து வராதீர்கள். "இன்ன தேதிகளில் வாங்கிய கடனில் 3,30,000 பாக்கி, இன்ன நாளுக்குள் தருகிறேன்" என்று எழுதி, தம்பி கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சி போடட்டும். மூன்று வருடக் கெடுவுக்குள் வாங்கிய அந்தக் கையெழுத்து, கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் தரும். புரோநோட்டாகவே எழுதுவதானால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாம்ப் இல்லாத நோட்டைப் பிறகு சரிசெய்ய முடியாது.

பேச்சு பலிக்கவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். பட்டுவாடாவுக்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். வட்டி பேசாமல் கொடுத்திருந்தால், நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டி வேண்டும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டிருந்தால் அந்த நாளிலிருந்து வட்டி தர 1978-ம் வருட வட்டிச் சட்டம் வழிவிடுகிறது. வரும் பதிலை வக்கீலோடு உட்கார்ந்து கவனமாகப் படியுங்கள். "எல்லாவற்றையும் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தால் கடன் வாங்கியதை ஒத்துக்கொண்டுவிட்டார், கொடுத்ததை நிரூபிப்பது இனி அவர் பொறுப்பு. "செய்முறை" என்றே எழுதினால், டிசம்பர் மாதம் 20,000 ஏன் திருப்பி அனுப்பினார் என்று அவர்தான் விளக்க வேண்டும்.

3,30,000 ரூபாய்க்கான வழக்கு முன்சீப் கோர்ட்டில் வரும், உசிலம்பட்டியிலேயே போடலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் சுருக்கு வழக்காக முடிக்க முடியாது, சாட்சி விசாரணையோடுதான் நடக்கும். கோர்ட் கட்டணம் 3 சதவீதம், உங்களுக்கு 9,900 ரூபாய். அதையும் நீங்கள் கட்ட வேண்டியிருக்காது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, வக்கீலும் கோர்ட் கட்டணமும் அதில் சேரும். கோர்ட் வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

வழக்குப் போடும் முன்பே அங்கே லோக் அதாலத்துக்கும் மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. தம்பி வந்து சம்மதித்தால் அங்கே எழுதும் தீர்ப்பு கோர்ட் டிகிரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணையில் தருவதாகச் சொன்னால் ஒவ்வொரு தவணையின் தேதியும் தொகையும், ஒரு தவணை தவறினாலே மீதி முழுவதும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். வரச் சொல்லி அவரை அங்கே கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு வாய்தா வராமல் போனால் காத்திருக்காதீர்கள். அந்த மனு அங்கே கிடப்பதால் மார்ச் 11 என்ற கெடு நின்றுவிடாது.