டிமென்ஷியாவும் பாட்டும்: லிட்டரேச்சர் ரிவ்யூ எழுதுபவர்களின் கேள்விகள், ஓய்வுபெற்ற மனநல நர்சிங் பேராசிரியரின் பதில்கள்

எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, மதுரை: மேடம், 60 கட்டுரை சேர்த்துவிட்டேன். வருஷ வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினேன். கைடு "இது ரிவ்யூ இல்லம்மா, பட்டியல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து மாற்றுவது?

வருஷத்தை விடுங்கள். கட்டுரைகளை அச்செடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள்: இவர்கள் உண்மையில் எதை அளந்தார்கள்? "நினைவு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு பொருள்கள் ஒளிந்திருப்பது அப்போது தெரியும்.

பாட்டே நினைவில் நிற்கிறதா என்று பார்த்தவை ஒரு குவியல். பாட்டைக் கேட்டதும் பழைய வாழ்க்கைச் சம்பவங்கள் வருகின்றனவா என்று பார்த்தவை இன்னொன்று. 2006-ல் ஐரிஷ் குழுவினர் விவால்டியின் இசையை ஒலிக்கவிட்டு, அல்சைமர் உள்ள 10 பேரிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்ட ஆய்வு இந்த வகை. வாரக்கணக்கில் இசைப் பயிற்சி கொடுத்தால் நினைவாற்றல் கூடுமா என்பது மூன்றாவது. பின்லாந்தில் சர்கமோ குழுவினர் நோயாளியும் பராமரிப்பவருமாக 89 ஜோடிகளை வைத்து 10 வாரம் நடத்திய பயிற்சியை (2014) இதில் வையுங்கள். நான்காவது குவியலில் நினைவை யாரும் அளக்கவே இல்லை. அலைச்சல், கத்தல், அடித்தல், அதாவது நாம் வார்டில் அஜிடேஷன் என்று சொல்வதையும், மனச்சோர்வையும் அளந்தார்கள்.

இந்த நான்கும்தான் உங்கள் தலைப்புகள். ஒவ்வொன்றின் முடிவிலும், இந்தக் குவியலை வைத்து அடுத்ததைப் பற்றி என்ன சொல்ல முடியாது என்று இரண்டு வரி எழுதுங்கள். அத்தியாயத்தைக் கோத்துக் கொண்டுபோகும் நூல் அந்த இரண்டு வரிதான். 60 கட்டுரையில் 25 வெளியே போனாலும் கவலைப்படாதீர்கள்.

பிஎச்.டி. மாணவர், சென்னை: இசை நினைவு அல்சைமரில் அழியாது என்று யாகோப்சன் குழு 2015-லேயே மூளைப் படம் எடுத்து நிரூபித்துவிட்டது. அதை அடித்தளமாக வைத்து, "ஆகவே பராமரிப்பில் இசை பலன் தரும்" என்று தொடங்கியிருக்கிறேன். சரிதானே?

பாதி சரி. அவர்கள் முதலில் ஆரோக்கியமான இளைஞர்களை ஸ்கேன் செய்து, நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கண்டார்கள். பிறகு அல்சைமர் உள்ள 20 பேரின் படங்களில் அதே பகுதியைப் பார்த்தார்கள். அங்கே திசுச் சுருக்கமும் குளுக்கோஸ் பயன்பாட்டுக் குறைவும் மிகச் சொற்பம். ஆனால் அமிலாய்டு படிவு மற்ற இடங்களைவிடப் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. அந்த நோயாளிகளுக்குப் பாட்டைப் போட்டு "தெரிகிறதா" என்று சோதித்த ஆய்வும் அல்ல அது.

எனவே "நிரூபித்தது" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "ஒரு விளக்கத்தை முன்வைத்தது" என்று எழுதுங்கள். உங்கள் "ஆகவே" இன்னும் பெரிய தாவல். பாட்டு நினைவில் இருப்பதால் மட்டும் சாயங்கால அஜிடேஷன் குறைந்துவிடாது. வைவாவில் முதல் கேள்வி அந்தச் சொல்லின் மேல்தான் விழும்.

ஒரு மகள், கோயம்புத்தூர்: நான் மாணவி இல்லை அம்மா. என் தாயாருக்கு டிமென்ஷியா. பழைய பாட்டு போட்டால் வரி தவறாமல் கூடப் பாடுகிறார். என் பெயர் மட்டும் வரவில்லை. எந்தப் பாட்டைப் போட்டால் நினைவு திரும்பும்?

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன் அம்மா. பாட்டு வருவதும் பெயர் வருவதும் ஒரே கதவு இல்லை. இசை சார்ந்த சிகிச்சைச் சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு 2018-ல் 22 சோதனைகளைப் பார்த்தது. அறிவாற்றலில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மனச்சோர்வு அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. ஆகவே பெயருக்காகப் போடாதீர்கள், அவர் முகம் மலர்வதற்காகப் போடுங்கள். அவருடைய பத்து வயது முதல் இருபத்தைந்து வயது வரை வீட்டில் ஒலித்த பாட்டுகளைத் தேடுங்கள். ஏதாவது ஒன்றுக்கு அழுதாலோ, காதைப் பொத்தினாலோ, அதை நிறுத்திவிட்டு இனிமேல் போடாதீர்கள். கூட உட்கார்ந்து நீங்களும் பாடுங்கள்.

நர்சிங் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்: மிஸ், எனது நான்காவது குவியலில் இரண்டு ஆய்வுகள் முட்டிக்கொள்ளுகின்றன. கெர்ட்னர் 2000-இல் விருப்பப் பாட்டால் அஜிடேஷன் குறைந்தது என்கிறார். மெக்ரீடி குழுவினர் 2022-இல் அதே விருப்பப் பாட்டால் குறையவில்லை என்கிறார்கள். எதைக் கைவிடுவது?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் அத்தியாயத்தின் மையமே அந்த இடம்தான்.

கெர்ட்னரிடம் 39 பேர். ஒருவருக்கே 6 வாரம் அவர் விரும்பிய இசை, இடைவெளி விட்டு 6 வாரம் மென்மையான செவ்வியல் இசை, மற்றவருக்கு முறை மாற்றி. ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு. மெக்ரீடியிடம் அமெரிக்காவின் 54 முதியோர் இல்லங்கள், 976 பேர். அங்கே பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தவர்கள் ஆய்வாளர்கள் அல்ல, ஏற்கெனவே வேலைப் பளுவில் இருந்த அந்த இல்லத்து ஊழியர்கள். முதல் ஆய்வு "நன்றாகக் கொடுத்தால் வேலை செய்யுமா" என்று கேட்கிறது. இரண்டாவது "அன்றாட இல்லத்தில் வேலை செய்யுமா" என்று கேட்கிறது.

பத்தி இப்படி வரலாம்: "நெருங்கிய கவனிப்பில், சிறு குழுவில், விருப்ப இசை அஜிடேஷனைக் குறைத்தது (கெர்ட்னர், 2000). ஊழியர்களே நடத்திய பெரிய சோதனையில் அந்தப் பலன் தென்படவில்லை (மெக்ரீடி குழு, 2022). இந்த வேறுபாடு இசையிலிருந்து வருகிறதா, இசை கொடுக்கப்பட்ட நேரம், அளவு, ஆள் ஆகியவற்றிலிருந்து வருகிறதா என்பதை இவ்விரு ஆய்வுகளையும் வைத்துப் பிரிக்க இயலவில்லை." உங்கள் ஆய்வுக் கேள்வி அந்தக் கடைசி வரியிலிருந்து பிறக்கும். சிறு ஆய்வுகளில் பலன் பெரிதாகத் தெரிவது இத்துறைக்கு மட்டும் உரிய குறையல்ல என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

எம்.ஃபில். மாணவி, திருச்சி: தேடும்போது memory என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினேன். மெக்ரீடி கட்டுரை எனக்கு வரவே இல்லையே?

வராது. நான்காவது குவியல்காரர்கள் சுருக்கத்தில் அந்தச் சொல்லை எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு தேடலாகப் பிரியுங்கள்:

```
(dementia OR alzheimer*) AND (music* OR singing) AND (memory OR autobiographical)
(dementia OR alzheimer*) AND (music* OR singing) AND (agitation OR depress*)
```

தேதி, டேட்டாபேஸ், எத்தனை வந்தன என்பதை அன்றே நோட்டில் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதிய எண்கள் ஒன்றோடொன்று கூடாமல் போவதை என் மாணவர்களிடம் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மியூசிக் தெரபிஸ்ட், பெங்களூரு: பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் நடத்துவதையும் ஹெட்போனில் பாட்டு கேட்பதையும் ஒரே தலைப்பில் வைப்பது எங்கள் தொழிலுக்குச் செய்யும் அநியாயம். பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

பிரித்து வைக்கத்தான் நானும் சொல்லி வந்தேன். காக்ரேன் தொகுப்பு இரண்டையும் சேர்த்தே பார்த்தது, குறைந்தது ஐந்து அமர்வு இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் வரம்பு. 2025 புதுப்பிப்பில் 30 சோதனைகள் வந்த பிறகும் அந்தக் கலப்பு இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் பேக்கர் குழு 20 இல்லங்களில் 318 பேரை வைத்து நடத்திய சோதனை (2022) என்னை யோசிக்க வைத்தது. அங்கே மனச்சோர்வைக் குறைத்தது குழு மியூசிக் தெரபி அல்ல, பொழுதுபோக்காகச் சேர்ந்து பாடியது. அதற்குக் காரணம் சேர்ந்து பாடுவதா, குழுவின் அளவா, வேறேதுமா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தச் சோதனையை எந்தத் தலைப்பில் வைப்பீர்கள் என்று உங்களிடமே கேட்க நினைக்கிறேன்.