இருபது நாளில் 52 எப்படி 71 ஆனது?

"அப்பாவுக்கு 68 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதலில் எடுத்த எக்கோவில் அயோர்ட்டிக் வால்வு கிரேடியண்ட் 52 என்று இருந்தது. இருபது நாள் கழித்து பாளையங்கோட்டையில் எடுத்தால் 71. அதற்குள் வால்வு இவ்வளவு சுருங்குமா? எந்த ரிப்போர்ட்டை நம்புவது?" – ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

சுருங்காது. அயோர்ட்டிக் வால்வு சுருங்குவது வருடக்கணக்கில் நடக்கும் வேலை. இங்கே மாறியிருப்பது பெரும்பாலும் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவியான ப்ரோப்பின் கோணம். நம்ப வேண்டியது 71-ஐ. காரணத்தைச் சொல்கிறேன்.

கிரேடியண்ட் என்பது வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். எக்கோ மெஷின் அந்த அழுத்தத்தை அளப்பதே இல்லை. ரத்தம் ஓடும் வேகத்தை மட்டும் அளந்து, அழுத்தத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. உங்கள் ஊர் கன்னடியன் கால்வாயில் மடைப் பலகையை இறக்கி, கீழே நாலு விரல் இடைவெளி மட்டும் விட்டுப் பாருங்கள். தண்ணீர் சீறிக்கொண்டு வரும். பலகைக்கு மேல்பக்கம் மட்டம் எவ்வளவு ஏறி நிற்கிறதோ, அதற்குத் தக்க சீற்றம். அப்படியானால் சீறும் வேகம் தெரிந்தால் மட்ட வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதற்கான சூத்திரம் இவ்வளவுதான்:

```
ΔP = 4v²
```

v என்பது நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம், விடை மி.மீ. பாதரசத்தில் வரும். அந்த 4 ரத்தத்தின் அடர்த்தியிலிருந்து வருவது. ஒரு கன மீட்டர் ரத்தம் சுமார் 1060 கிலோ. அதில் பாதி 530. அதைப் பாதரசக் கணக்குக்கு மாற்ற 133-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4.

இனி உங்கள் ரிப்போர்ட்டுகளைப் பார்ப்போம். 71 வந்ததில் AV Vmax, அதாவது வால்வில் ரத்தத்தின் உச்ச வேகம் என்ற இடத்தில் 4.2 என்று இருக்க வேண்டும். 4.2-ஐ 4.2-ஆல் பெருக்கினால் 17.64, அதன் நான்கு மடங்கு 70.6. மடைக் கணக்கில் சொன்னால், மேல்பக்கம் மட்டம் மூன்றடி ஏறி நிற்கிறது. முதல் ரிப்போர்ட்டில் வேகம் 3.6 இருந்திருக்கும். வேகத்தில் வித்தியாசம் 0.6தான். வர்க்கம் எடுப்பதால் அது அழுத்தத்தில் 19 ஆகிவிடுகிறது.

அந்த 0.6 எங்கே போனது? எக்கோவில் வேகத்தை அளக்கும் டாப்ளருக்கு, தன் கதிரை நோக்கி நேராக வரும் வேகம் மட்டும்தான் முழுதாகத் தெரியும். ரத்தம் 30 டிகிரி சாய்வாக வந்தால், உள்ளதில் 87 சதவீதத்தைத்தான் காட்டும். 4.2-இல் 87 சதவீதம் 3.65. முதல் ரிப்போர்ட் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. கோணம் தவறினால் எண் குறையுமே தவிர, கூடாது. அதனால்தான் பல இடங்களில் பார்த்துவிட்டு, கிடைத்ததில் பெரியதை எடுத்துக்கொள்கிறோம். இதய நுனிப் பக்கம் பார்த்ததோடு முடிப்பதில்லை. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பென்சில் போன்ற சின்ன ப்ரோப்பை நெஞ்செலும்பின் வலது ஓரத்திலும் வைப்போம். அதில் படம் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். கதிர் நேராக விழுந்ததும் கரகரப்பு அடங்கி, மெல்லிய சீழ்க்கை மாதிரி ஒலிக்கும். முதியவர்களில் பெரிய எண் பல நேரம் அங்கேதான் கிடைக்கும்.

பெரிய எண்ணிலும் ஒரு பொறி உண்டு. பயிற்சிக் காலத்தில் 5.5 கிடைத்ததென்று சந்தோஷப்பட்டேன். அது பக்கத்து மைட்ரல் வால்வின் கசிவு. அந்த அலை முன்னதாகவே தொடங்கி அதிக நேரம் நீடிக்கும். அதைப் பார்த்துத்தான் சீனியர் பிடித்தார்.

அப்புறம், 71 என்பது ஒரு கண நேர உச்சம். முடிவெடுக்க உதவுவது Mean PG என்ற வரி. அலையின் ஓரத்தைக் கோடு போட்டு வரைந்தால், மெஷின் ஒவ்வொரு கணத்துக்கும் 4v² கண்டு சராசரி சொல்லும். 71-க்கு அது 40-ஐ ஒட்டி இருக்கும். வேகம் 4 அல்லது சராசரி 40 எட்டினால் கடுமையான சுருக்கம் என்று கொள்வோம்.

இதயத்தின் பம்பிங் பலவீனமாக இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். கால்வாயில் தண்ணீரே குறைவு என்றால் இடுக்கு மடையிலும் சீற்றம் இருக்காதே! வால்வு நன்றாகச் சுருங்கியிருந்தும் கிரேடியண்ட் 25, 30 என்று காட்டும். அப்போது வால்வின் பரப்பைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அப்பாவுக்கு வேகம் 4.2 வந்துவிட்டதால் இந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாவது எக்கோவுக்கு அலைய வேண்டாம். மூச்சு வாங்குவதும் 4.2-உம் சேர்ந்திருப்பதால், இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். வால்வு மாற்றுவது பற்றி அவர் பேசுவார். நடுவில் நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அந்த நாள் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.